டிக்கட்டும் போனும் தமிழைத் தின்பதில்லை

வாட்ஸ்அப்பில் ஒருவர் "டிக்கட் எடுத்தாச்சா?" என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் திருத்தம் வந்து நிற்கிறது: "டிக்கட் அல்ல, பயணச்சீட்டு." இன்னொருவர் "போன் பண்ணுங்க" என்று எழுதினால், "தொலைபேசியில் அழையுங்கள் என்று எழுதப் பழகுங்கள்" என்கிறார்கள். அக்குறணையிலும் சுற்றுவட்டாரத்திலும் குடும்பக் குழுக்கள், பழைய மாணவர் குழுக்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒருவராவது இருக்கிறார். அன்றாடப் பேச்சில் நுழையும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் பரவியிருக்கும் நம்பிக்கை இது. தமிழ் மீதுள்ள அன்பில் பிறந்த நம்பிக்கைதான். ஆனாலும் அது தவறு. திருத்தப்பட்டவர் அடுத்த முறை பயணச்சீட்டு என்று எழுதுவதை நான் காணவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்யப் போய்விடுகிறார், அல்லது குரல்பதிவு அனுப்பிவிடுகிறார். தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு கை நின்றுபோகிறது.

ஒரு மொழி இன்னொரு மொழியைத் தின்கிறதா என்று அறிய இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். டிக்கட் என்ற சொல்லுக்குள் எந்த இலக்கணம் இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் வேற்றுமை உருபு வந்ததும் நம் வாய் அதை டிக்கட்டு ஆக்கிக்கொள்கிறது. பாட்டு, பாட்டை, பாட்டுக்கு என்பது போலவே டிக்கட்டு, டிக்கட்டை, டிக்கட்டுக்கு. பஸ் என்பதோடு ஐ சேர்ந்தால் பஸ்ஸை என்கிறோம், ஸ் இரட்டிக்கிறது. போன் என்பதோடு ஐ சேர்ந்தால் போனை என்கிறோம், ன் இரட்டிப்பதில்லை. ஏன் இந்த வேறுபாடு? தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூல் சொல்லும் விதி. கல் கல்லை ஆவதும், தேன் தேனை ஆவதும் அதனால்தான். மாத்தளை வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளை நன்னூலைக் கண்டதே இல்லை. ஆனாலும் பஸ்ஸையும் போனையும் பவணந்தி முனிவரின் விதிப்படி பிழையில்லாமல் சொல்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் தமிழ் விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. இங்கே யார் யாரைத் தின்றது?

ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதையும் இதே இடத்தில் காணலாம். "ரெண்டு டிக்கட் எடுங்க" என்பது முழுத் தமிழ் வாக்கியம். எண்ணுக்குப் பின்னால் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி தேவையில்லை என்ற தமிழ் வழக்கு அதில் அப்படியே இருக்கிறது. "டூ டிக்கட்ஸ் எடுங்க" என்பதில் எண்ணும் போய்விட்டது, பன்மையும் ஆங்கிலத்துடையதாகிவிட்டது. முதலாவதில் ஒரு பொருளின் பெயர் மட்டும் வந்திருக்கிறது. இரண்டாவதில் சொற்களைக் கட்டும் முறையே வந்துவிட்டது. திருத்தம் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்க்கிறார்கள். அங்கேதான் அவர்களின் வாதம் சரிகிறது.

பிறமொழிச் சொல்லை எப்படி எடுப்பது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்குப் பொருந்த எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் டகரத்தில் சொல் தொடங்காது என்ற விதியை மதித்து ரிக்கற் என்று எழுதுவார்கள். நாங்கள் டிக்கட் என்கிறோம். இரண்டும் அந்த வழியில் வந்தவைதான். 1505 இல் போர்த்துக்கீசர் இந்தத் தீவுக்கு வந்த பிறகு கதிரையும் மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும் நம் வீட்டுக்குள் வந்தன. ஒல்லாந்தரிடமிருந்து கந்தோர் வந்தது. பாண் வாங்கப் போகிறவரை வழிமறித்து அது தமிழ்ச் சொல்லல்ல என்று யாரும் சொல்வதில்லை. அவை வந்து நாளாகிவிட்டது என்பதைத் தவிர, பாணுக்கும் போனுக்கும் வேறுபாடு கிடையாது.

அப்படியானால் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? இதற்கு எங்கள் ஊர் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். அக்குறணை பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். மார்க்கத்தின் மொழி அரபு. மதிப்பும் பக்தியும் உள்ள இடத்தில் எல்லாச் சொல்லும் அரபாகியிருக்க வேண்டும். ஆனால் ஸலாத்தை நம் உம்மாமார் தொழுகை என்றார்கள். ஸவ்மை நோன்பு என்றார்கள். ஈதைப் பெருநாள் என்றார்கள். மஸ்ஜித் பள்ளி ஆனது. தொழுதலும் நோற்றலும் தமிழில் முன்பே உயிரோடு இருந்த செயல்கள், ஆகவே அந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். ஹஜ்ஜுக்கும் ஸகாத்துக்கும் அப்படி ஒரு சொல் இங்கே இருக்கவில்லை. மற்ற யாத்திரையிலிருந்தும் மற்றத் தருமத்திலிருந்தும் அவை வேறானவை. அதனால் பெயரோடேயே வந்தன. யாரும் குழு அமைத்துத் தீர்மானிக்கவில்லை. பொருள் முன்பே நம்மிடம் இருந்தால் நம் சொல், பொருள் புதிதாக வந்தால் அதோடு வந்த பெயர் என்று மக்கள் தாமாகவே பிரித்துக்கொண்டார்கள்.

மறைமலையடிகள் 1916 இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வெற்றிகளையும் இதே கண்ணால் பாருங்கள். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார், விவாகம் போய்த் திருமணம் வந்தது. தலைவரும் மணமும் தமிழில் என்றும் இருந்தவை. இருந்த சொல்லை அதன் இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த இயக்கம் வென்றது. அந்த வெற்றிக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் அதைக் காட்டி டிக்கட்டை விரட்ட முடியாது.

ஏனென்றால் டிக்கட்டுக்குப் பதிலாக நீட்டப்படும் சொல்லின் இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நம் ஊரில் சீட்டு என்றால் மாதாமாதம் பணம் போட்டு எடுக்கும் சீட்டு. விளையாடுவதும் சீட்டு. வாக்களிப்பது வாக்குச்சீட்டு, காசு கட்டினால் தருவது பற்றுச்சீட்டு, பாஸ்போட் கடவுச்சீட்டு. உம்ராவுக்குப் புறப்படும் ஒரு மாமிக்கு இப்படி ஒரு செய்தி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்." மூன்று சீட்டு. வாசித்துவிட்டு அவர் மகளிடம் கேட்பார், எந்தச் சீட்டு என்று. "மாமி, டிக்கட்டும் பாஸ்போட்டும் காசு கட்டின ரிசீட்டும் பேக்குல வைங்க" என்று எழுதியிருந்தால் மூன்றும் மூன்று பொருளாகக் கண்ணில் நிற்கும். இரண்டாவது வாக்கியத்தில் வைங்க என்ற வினையும் உம் என்ற இடைச்சொல்லும் மாமி என்ற விளியும் தமிழ்தான். வந்த பொருள்களின் பெயர் மட்டுமே வெளியூர்.

நாவலுக்கும் இதே கதைதான். கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885 இல் அசன்பேயுடைய கதையை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று அது. அந்த இலக்கிய வகைக்குப் புதினம் என்று பின்னால் பெயர் வைத்தார்கள். ஆனால் ஈழத்தில் "என்ன புதினம்?" என்றால் என்ன செய்தி என்று கேட்பது. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்ததால் நாவல் நாவலாகவே நின்றுவிட்டது.

சீட்டுக் குழப்பத்தைச் சிரித்துக் கடந்துவிடலாம். பணம் போகிற இடத்தில் அது முடியாது. பேங்க்காரர் போலக் கதைத்து, போனுக்கு வந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கணக்கைத் துடைத்துவிடும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. இதைப் பற்றி எச்சரிக்க நினைக்கும் நல்ல மனிதர் "ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் பகிராதீர்கள்" என்று குழுவில் போடுகிறார். வயதானவர் வாசிக்கிறார், கடவுச்சொல் என்று தன்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். மறுநாள் மோசடிக்காரன் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. "உங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், அந்த நம்பரைச் சொல்லுங்க" என்கிறான். திரையிலும் OTP என்றுதான் இருக்கிறது. எச்சரிக்கையில் படித்த சொல்லும், திரையில் கண்ட எழுத்தும், காதில் கேட்ட சொல்லும் ஒன்றாக இல்லாததால் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. "OTP என்று போனுக்கு வாற நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க, பேங்க் என்று சொன்னாலும் சொல்லாதீங்க" என்பதுதான் அவரைக் காப்பாற்றும் தமிழ். திரையில் உள்ளதைப் பார்த்து ஒருவர் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தால், திரையில் உள்ள பெயரையே எழுதுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் எந்த ஆங்கிலச் சொல்லும் வரலாம் என்று நான் சொல்லவில்லை. சோற்றை ரைஸ் என்பதற்கும், தண்ணீரை வோட்டர் என்பதற்கும், மனைவியை வைஃப் என்பதற்கும் எந்த நியாயமும் கிடையாது. சோறும் தண்ணீரும் மனைவியும் நமக்குப் புதிதாக வந்தவை அல்லவே. ஆனால் திருத்தம் செய்பவர்களின் கண்ணில் இவை படுவதில்லை. அதைவிட மோசமானவை "பட்", "ஸோ", "பிகாஸ்", "ஆக்சுவலி". இவை எந்தப் பொருளின் பெயரும் அல்ல. ஒரு நினைப்பை அடுத்த நினைப்போடு கட்டும் கயிறுகள். ஆனால், அதனால், ஏனென்றால் என்ற கயிறுகள் நம்மிடம் இருக்கும்போது இவற்றை எடுப்பவர் கொஞ்ச நாளில் தமிழில் காரணம் சொல்ல முடியாதவராகிவிடுகிறார். அதேபோல, எழுபத்தொன்பது என்றால் எத்தனை என்று கேட்டு, "செவன்டி நைன்" என்று சொன்ன பிறகுதான் விளங்கும் பிள்ளைகள் தமிழ் மொழிமூலம் படிக்கும் வீடுகளிலேயே இருக்கிறார்கள். என் கவலை முழுவதும் அங்கே இருக்கிறது. அந்தப் பிள்ளை டிக்கட் என்று சொல்வதைப் பற்றி எனக்குத் துளியும் கவலை இல்லை.

இடமும் முக்கியம். பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் கடவுச்சீட்டு என்றும் சாரதி அனுமதிப்பத்திரம் என்றும் எழுத வேண்டும். அவை சட்டத்திலும் படிவத்திலும் நிலைத்த பெயர்கள், அங்கே அவைதான் துல்லியம். அரட்டை அப்படிப்பட்ட இடமல்ல.

தமிழுக்காக எழுந்து நிற்க விரும்புகிறவருக்கு வேலை அந்தப் படிவங்களின் பக்கத்தில்தான் கிடக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. அதற்குப் பிறகும் கண்டிப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குச் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட கடிதங்கள் வருகின்றன. வாசித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். அறிவிப்புப் பலகைகளில் தமிழ் பிழையோடு நிற்கிறது. அந்தக் கடிதத்தைத் தமிழில் தரும்படி எழுத்தில் கேட்பதற்கு ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். குழுவில் ஒரு மாமியின் டிக்கட்டைத் திருத்துவதற்குச் செலவாகும் நேரத்தை இந்தக் கோரிக்கைக்குக் கொடுக்கலாம்.