நடுகல் படத்தில் கயிற்றை எடுப்பது எப்படி

சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கம் போகும் வழி நெடுக நடுகற்கள் நிறைந்த வட்டாரம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது. ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரனின் உருவமும், அவன் பெயரையும் அரசனின் ஆட்சியாண்டையும் சொல்லும் வட்டெழுத்தும் இந்தக் கற்களில் இருக்கும். எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டும், எசமானனோடு நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும்கூட உண்டு.

இப்படிப்பட்ட கல்லின் முன்னே கயிறு கட்டியிருந்தால், படமெடுப்பவர் பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார். Photoshop-இல் Content-Aware Fill கயிற்றை நொடியில் அழித்துவிடும். அழித்த இடத்தில் அது வைப்பது அதே படத்தின் வேறு பகுதியிலிருந்து எடுத்த துண்டு. வெறும் பாறைப் பரப்பென்றால் குறையில்லை. எழுத்து வரியென்றால், இல்லாத எழுத்து ஒன்று முளைக்கும். வட்டெழுத்தில் ப, வ, ய ஆகியவற்றின் வேறுபாடு ஒரு சிறு வளைவுதான். பெயரும் ஆண்டும் மாறிப்போக அது போதும்.

காவலரிடம் கேட்டால் இரண்டு நிமிடம் கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிடக்கூடும். கூச்சப்பட்டு இதைக் கேட்காதவர்களே அதிகம். அவர் மறுத்தால், கயிற்றுக்குப் பின்னால் இருப்பதை இன்னொரு படத்திலிருந்து கொண்டுவர வேண்டும். விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடித் தலையை அசைத்தால் விரல் மறைத்த சுவர் தெரிகிறதல்லவா, அதே வழிதான்.

கேமராவுக்கும் கல்லுக்கும் 3 மீட்டர், கயிறு கல்லுக்கு 60 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. தடிமனுள்ள கயிறு கல்லில் 15 மி.மீ. அகலப் பட்டையை மறைக்கும். கேமராவை 16 செ.மீ. உயர்த்தினால், மறையும் பட்டை கல்லில் 4 செ.மீ. கீழே இறங்கிவிடும், முதல் படத்தில் மறைந்தது முழுதும் இரண்டாவதில் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து பத்துப் படம் எடுத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு. கயிறு கிடைமட்டமாக ஓடுவதால் அப்படி நகர்ந்தால் அதே வரிதான் மறைந்திருக்கும். மேலோ கீழோதான் நகர வேண்டும்.

இரண்டு படத்துக்கும் ஒளி அளவையும் நிறச் சமநிலையையும் கையால் பூட்டிவைத்து, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. ஆழமில்லாத வட்டெழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். காலைப் படத்தில் மாலைப் படத்தின் துண்டை ஒட்டினால், பள்ளத்தின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து, குழிந்த கோடு அங்கே மட்டும் புடைத்ததுபோல் தோன்றும்.

கணினியில் இரண்டையும் லேயர்களாக அடுக்கி Auto-Align Layers கொடுத்தால் கல்லின் முகம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும். வீரனின் உருவம் 2 செ.மீ. புடைத்திருந்தால், நாம் நகர்ந்த 16 செ.மீ.க்கு அதன் விளிம்பு சுமார் 1 மி.மீ. விலகி நிற்கும். 1.2 மீட்டர் கல் 4000 பிக்ஸல் உயரத்தில் பதிவாகியிருந்தால் அது மூன்றரை பிக்ஸல் அளவு. எனவே லேயர் மாஸ்க்கைக் கயிற்றை ஒட்டி நேர்கோடாக வெட்டக்கூடாது. எழுத்து வரிகளுக்கு இடைப்பட்ட வெற்றுப் பாறையிலோ, கல்லின் வெடிப்பு ஓரமாகவோ ஒட்டின் எல்லை போகட்டும். வில்லின் தண்டைக் குறுக்கே வெட்ட நேர்ந்தால், அந்த இடத்தை மட்டும் தனியாக நகர்த்திப் பொருத்த வேண்டும்.

பலர் மறப்பது கயிற்றின் நிழலை. கேமரா நகர்ந்தாலும் நிழல் நகராது, இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் கிடக்கும். கயிறு போய் நிழல் மட்டும் நின்றால் பார்ப்பவருக்குக் குழப்பம். படமெடுக்கும்போதே கல் முழுவதற்கும் குடையால் நிழல் போட்டு, பக்கத்திலிருந்து ஒரு விளக்கைப் பிடிப்பது எளிது. அந்த விளக்கும் கயிற்றுக்கு உட்புறமாக, கல்லை ஒட்டி நிற்க வேண்டும். அது முடியாதபோது, நிழல் விழுந்த பட்டையில் விவரம் அழிந்திருக்காது, இருண்டிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் Curves-இல் வெளுக்கலாம்.

ஒரே படம்தான் கையில் இருக்கிறதென்றால், வெற்றுப் பாறை வரும் இடத்தில் மட்டும் கயிற்றை நிரப்பிவிட்டு, எழுத்தையோ உருவத்தின் விளிம்பையோ கடக்கும் இடத்தில் கயிற்றை அப்படியே விட்டுவிடுவதே சரி. பாதிக் கயிறு அசிங்கமாகத்தான் இருக்கும்; ஆனால் கல்வெட்டு படிப்பவர் அதனால் ஏமாறமாட்டார். நிரப்பிய இடத்தை 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே வடிவக் குழியோ பாசிப் புள்ளியோ இரண்டு இடத்தில் இருந்தால் அது ஒட்டுவேலை. உளித்தடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து திடீரென்று திசை மாறினாலும் அதேதான். அச்சுக்கு அனுப்பும்போது கயிறு உள்ள மூலப்படத்தையும் சேர்த்துக் கொடுத்து, படக்குறிப்பில் எந்த வரிக்கு மேல் கயிறு இருந்தது என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.