‘முன்கூட்டி’ என்பது எந்த நாளுக்கு முன்?

பெருநிறுவனங்கள் தம் வழங்குநர்களுக்காக நடத்தும் ‘முன்கூட்டிய பணம்’ திட்டங்களை இரு தரப்புக்கும் ஆதாயம் தருபவையாகவே மேலாண்மை வகுப்புகளில் கற்பிக்கிறோம். ஒப்புதல் பெற்ற இன்வாய்ஸுக்குத் தவணை நாள்வரை காத்திராமல், வாங்குபவர் தம் கைப்பணத்திலிருந்தே பணம் தருகிறார். எத்தனை நாள் முந்துகிறாரோ அத்தனை நாளுக்கான தள்ளுபடியைக் கழித்துக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டின் நியாயம் முழுவதும் ‘முன்கூட்டி’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லைத்தான் நாம் கேள்வி கேட்பதே இல்லை.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் 15ஆம் பிரிவு தெளிவானது. குறு, சிறு நிறுவனம் வழங்கிய பொருளுக்கு எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு எந்நிலையிலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. வாங்குபவரும் விற்பவரும் மனமொத்துக் கையெழுத்திட்டாலும் 90 நாள் தவணை இவர்களிடம் செல்லாது. ஆனால் திட்டத்தின் மென்பொருளோ ஒப்பந்தத்தில் உள்ள 90ஐத்தான் தவணை நாளாக எடுத்துக்கொள்கிறது.

ஹைதராபாத்தையே களமாக வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வாங்கும் நிறுவனத்தின் அலுவலகம் பேகம்பேட்டில். உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறை, சில கிலோமீட்டர் தள்ளி பாலாநகரில். இன்வாய்ஸ் 10,00,000 ரூபாய். ஒப்பந்தத் தவணை 90 நாள். பொருள் சேர்ந்த 30ஆம் நாளில், ஆண்டுக்கு 18 விழுக்காட்டுத் தள்ளுபடியில் பணம் வருகிறது. 60 நாள் முந்தியதாகக் கணக்கிட்டு 29,589 ரூபாய் கழிக்கப்படுகிறது. சட்டப்படி முந்தியது 15 நாள்தான். அதற்குரிய தள்ளுபடி 7,397 ரூபாய். மீதி 22,192 ரூபாய், பட்டறைக்காரர் காத்திருக்கவே தேவையில்லாத 45 நாளுக்காக அவரிடம் வாங்கிய விலை.

அந்த 45 நாளும் உண்மையில் கடந்திருந்தால் என்ன ஆகும்? 16ஆம் பிரிவின்படி வாங்குபவர்தான் வட்டி தர வேண்டும்: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. அந்த விகிதம் 6.75ஆக இருந்த 2023-24இல் இது 20.25 விழுக்காடு. ஆக, எந்த நாள்களுக்கு வாங்குபவர் வட்டி கட்ட வேண்டுமென்று சட்டம் சொல்கிறதோ, அதே நாள்களுக்குத் திட்டம் வழங்குநரிடம் 18 விழுக்காடு வசூலிக்கிறது. கடன்பட்டவர் கடன்காரராகிவிடுகிறார்!

‘ஒப்புதல் பெற்ற’ என்ற அடைமொழியும் அப்பாவியானதல்ல. ஒப்புதல் எப்போது என்பது வாங்குபவர் கையில். சட்டமோ கடிகாரத்தை வேறிடத்தில் தொடங்குகிறது: பொருள் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால், சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். கணக்குப் பிரிவில் இன்வாய்ஸ் 20 நாள் உறங்கினால் அந்த 20 நாளும் 45இல் சேரும்.

“யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விகிதத்தை வழங்குநரே முன்மொழிகிறார்” என்பார்கள். மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் பட்டறைக்காரர், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அந்த இன்வாய்ஸின் ஜிஎஸ்டியைச் செலுத்தியாக வேண்டும். கூலியும் இரும்பு விலையும் அதற்கு முன்பே போயிருக்கும். 90 நாள் தவணையால் தாகத்தை உண்டாக்கிவிட்டுத் தண்ணீருக்கு விலை கேட்பதை விருப்பத் தேர்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாத் திட்டமும் சுரண்டல் என்று நான் சொல்லவில்லை. 45 நாளுக்கு உட்பட்ட தவணையில், பட்டறையின் ஓவர்டிராஃப்ட் வட்டியைவிடக் குறைந்த விகிதத்தில், பத்து நாளில் பணம் தந்தால் அது உண்மையான உதவி. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தக் காலவரம்பின் காப்பு கிடையாது; அவர்களுக்கு ஒப்பந்தத் தவணையே அடிப்படை. உத்யம் பதிவு பெற்ற உற்பத்தியாளரிடமும் சேவையாளரிடமும்தான் என் கேள்வி கூர்மையாகிறது.

ஆகவே ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘முந்திய நாள்கள்’ என்று நிறுவனம் தரும் எண்ணைப் பயனின் அளவாக அப்படியே எடுக்காதீர்கள். பொருள் சேர்ந்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத் தவணை, 45ஆம் நாள் இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணுங்கள். எண்ணிய பிறகு மிஞ்சும் நாள்கள் சுழியானால் அதன் பெயர் முன்பணமும் அல்ல, சலுகையும் அல்ல. உரிய நேரத்தில் தர வேண்டிய பணத்தில் பிடித்த பிடித்தம்.