சுருட்டையும் பரட்டையும்

என் அக்காள் மகளுக்குச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் பணி. சேர்ந்த இரண்டாவது வாரமே மேலாளர் அவளைத் தனியே அழைத்து, "முடியை மட்டும் கொஞ்சம் சரிசெய்து கொள்ளுங்களேன், புரொஃபஷனலாக இருக்கட்டும்" என்றிருக்கிறார். அவளுடையது அடர்ந்த, கம்பி போன்ற சுருட்டை முடி. பள்ளியில் எண்ணெயும் இரட்டைப் பின்னலும் அதை மறைத்திருந்ததால் அதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. அலுவலகத்திற்கும் வாரிக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தாள். சரிசெய்ய அதில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஒரு தடவைதானே" என்று அக்காளும் சொல்ல, அழகு நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து நேராக்கிக்கொண்டு வந்தாள்.

இந்த 'ஒரு தடவைதானே' என்பதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். அப்படி ஒன்று கிடையாது.

முடியின் சுருளைத் தீர்மானிப்பது தோலுக்கடியில் இருக்கும் வேர்ப்பை. அது வளைந்திருந்தால் அதிலிருந்து வெளிவரும் முடியும் சுருண்டே வரும். அழகு நிலையத்தில் செய்வது, வெளியே வந்துவிட்ட முடிக்கு மட்டுமான வேலை. அம்மோனியம் தயோகிளைக்கோலேட் கலந்த களிம்பைப் பூசி, முடியின் புரதத்தைப் பிணைத்து நிற்கும் கந்தகக் கண்ணிகளை அறுக்கிறார்கள். பின்பு சூடான இரும்புத் தகட்டால் இழுத்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் அந்தக் கண்ணிகளைப் புதிய நிலையில் மீண்டும் பூட்டுகிறார்கள். வேர்ப்பைக்கு இதெல்லாம் தெரியாது. அது மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் பழைய சுருளையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆறு மாதத்தில் அவள் தலையில் விரற்கடை மூன்று நீளத்திற்குச் சுருளும், அதற்குக் கீழே நேர்முடியும் தொங்கின. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் முடி முறியத் தொடங்கியது. சீப்பில் வந்தவை வேரோடு வந்த முடிகள் அல்ல. முனையில் வெள்ளைக் குமிழ் இல்லாத அரைகுறைத் துண்டுகள். உதிர்வதையும் முறிவதையும் பிரித்தறிய அதுவே எளிய அடையாளம். ஏற்கெனவே கண்ணி அறுந்த பகுதியில் களிம்பை மறுபடியும் பூசினால் முறிவு இன்னும் மோசமாகும்.

ஆகவே அடுத்த முறை 'மென்மையானது' என்று சொல்லிக் கெரட்டின் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். தகடு பட்டதும் எழுந்த புகையில் அவள் கண்கள் எரிந்து நீர் வழிந்தது. புட்டியில் 'ஃபார்மால்டிஹைட் இல்லை' என்றே அச்சிட்டிருந்தது. அப்படி அச்சிட்ட சில கலவைகளிலும் அது மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் நீரில் கரைந்திருக்கும். சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் பாதுகாப்பானதென்று சொல்வதற்கில்லை. அது கலந்த களிம்பால் முடியை நேராக்கிக்கொண்ட இளம்பெண் ஒருவருக்கு, மூன்று முறையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை 2024-இல் மருத்துவ இதழொன்றில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மேலாளருக்கு இவை தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கெட்டவரும் அல்லர். ஆனால் 'சரிசெய்து கொள்ளுங்கள்' என்ற சொல்லின் உண்மைப் பொருள், வேலையில் இருக்கும்வரை ஆறு மாதத்திற்கொரு முறை, சொந்தச் செலவில், இந்தப் புகையில் போய் உட்கார் என்பதே. சட்டையை இஸ்திரி போடச் சொல்வதைப் போன்றதல்ல இது. சட்டையை மாலையில் கழற்றி வைத்துவிடலாம்.

முடி சுத்தமாக இருக்க வேண்டும், கட்டியிருக்க வேண்டும், முகத்தில் விழக் கூடாது என்று ஓர் அலுவலகமோ பள்ளியோ கேட்கலாம். அந்த மூன்றையும் சுருட்டை முடியால் நிறைவேற்ற முடியும். சுருளைச் சுருளாக இருக்க விட்டாலே போதும். உலர்ந்தபின் நெருக்கமான சீப்பால் வாரினால் சுருள்கள் பிரிந்து பறந்து நிற்கும். நாம் பரட்டை என்று ஏளனம் செய்வது பெரும்பாலும் அதைத்தான். ஈரமாக இருக்கையில் அகலமான பல்லுள்ள சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, சிறிது எண்ணெய் தடவி உலரவிட்டால் அதே முடி சுருட்டையாகப் படியும். குழலுதல் என்றால் சுருளுதல் என்று பொருள் வைத்திருக்கும் மொழியில், பெண்ணின் குழல் சுருண்டிருப்பதை ஒரு குறையாகக் கண்டுபிடித்திருக்கிறோம்.

அக்காள் மகள் நேர்முடியை முழுவதும் வெட்டிவிட்டாள். பிறகு நிறுவனத்தின் உடைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறாள். நான்கு பக்கங்கள். காலணியின் நிறம்வரை இருக்கிறது. சுருள் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதி வைக்கக் கூசுகிற ஒரு விதியை வாய்வழியாக மட்டும் ஏன் நடைமுறைப்படுத்துகிறோம் என்று, மேலாளராக இருக்கும் வாசகர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.