எண்ணைச் சொல், நாட்டைச் சொல்கிறேன்!

ஆங்கிலக் கதையில் ஆபத்துக்கு 999 அழைத்தால், இடம் பிரிட்டனாக இருக்கலாம். 911 என்றால் அமெரிக்காவோ கனடாவோ. 111 என்றால் நியூசிலாந்து.

பிரிட்டனின் பழைய சுழற்றும் தொலைபேசியில் 9-ஐச் சுழற்றினால் ஒன்பது மின்துடிப்புகள் போகும். நியூசிலாந்துத் தொலைபேசியில் எண்கள் தலைகீழ் வரிசை. அங்கே 1-ஐச் சுழற்றினால்தான் ஒன்பது துடிப்புகள். பிரிட்டன் பாணி இணைப்பகக் கருவிக்கு இரண்டும் ஒன்றே! அதனால்தான் 1958-இல் அங்கே 111 வந்தது.

இன்று இங்கிலாந்தில் 111 என்பது அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு. வீடு தீப்பிடித்தால் அது உதவாது. ஆகவே, படத்தில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள். போகும் நாட்டின் எண்ணை முதலில் மனப்பாடம் செய்யுங்கள் என்பதே என் கருத்து. நம் நாட்டுக்கு 112.