ஒரே அல்பம், ஒரே மங்கல்

1980களின் அச்சுப் படங்களும் கைத்தொலைபேசிப் படங்களும் எங்கள் குடும்ப அல்பத்தில் ஒத்துப்போக வேண்டுமென்று மகள் எல்லாவற்றுக்கும் ஒரே 'பழைய பில்ம்' வடிகட்டியை இட்டாள். நாற்பது படங்களுக்கும் நாற்பது நிறம் வந்தது. வடிகட்டி ஒன்றாயினும் அது விழுந்த படங்கள் ஒன்றல்லவே!

மங்கலை முதலில் சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் சரிசெய்து, முகங்களின் நிறம் ஒத்துவந்த பின்னரே அதற்கு இடமுண்டு. குழல்விளக்கின் பச்சைச் சாயல் நீங்காத படத்தில் எந்த மங்கலும் பொருந்தாது.

அளவுகோலாகப் பழைய அச்சுப்படம் ஒன்றையே கொண்டோம். அதன் ஸ்கான் பிரதியில் ஆகக் கருமையான இடம் 0 அல்ல, 28. புதிய படங்களில் கேர்வ்ஸ் கோட்டின் இடது முனையை அதே 28க்கு உயர்த்தினோம். பழையவற்றைத் தொடவில்லை, மங்கியதை மீண்டும் மங்கவைத்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

பில்ம் துகளில்தான் பலர் தவறுகின்றனர். 4000 புள்ளி அகலப் படத்திலும் 1800 புள்ளிப் படத்திலும் ஒரே அளவு துகளை இட்டால், ஆறு அங்குல அச்சில் பின்னையதில் அது இருமடங்குக்கும் மேல் பருத்துத் தெரியும். ஆகவே அனைத்தையும் 1800க்கு 1200 எனச் சுருக்கிய பின்பே துகள் சேர்த்து, அச்சிட்டுப் பார்த்து அளவைக் குறைத்தோம். திரையை நம்பவில்லை.

மூலப்பிரதிகள் மாற்றமின்றித் தனியே உள்ளன. எனினும், காலம் மங்கவைத்தது எது, நாம் மங்கவைத்தது எது என்று பேரப்பிள்ளைகள் அறியாது போவரோ என்ற உறுத்தலால், ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் எடுத்த ஆண்டை எழுதிவைத்தேன்.