தந்தைமை விடுப்பு: நிர்வாகத்தின் தயவா, தொழிலாளியின் உரிமையா?

ஐதராபாத் கொண்டாப்பூரின் தகவல் தொழில்நுட்ப அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் பொறியாளருக்குக் குழந்தை பிறந்தால், எத்தனை நாள் விடுப்பு என்பதை அவருடைய நிறுவனத்தின் கொள்கை ஏடு முடிவு செய்கிறது. அதே கட்டடத்தின் வாயிலில் ஒப்பந்தக்காரரின்கீழ் நிற்கும் காவலாளிக்கு அத்தகைய ஏடும் இல்லை. தனியார் துறையில் தந்தைக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் இல்லாமையே இதற்குக் காரணம்.

ஒன்றிய அரசு ஊழியருக்கு விதி உண்டு. 1972 ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகளில் 43-ஏ என்னும் விதி, இரண்டுக்கும் குறைவான குழந்தைகளை உடைய ஆண் ஊழியருக்கு 15 நாள் ஊதிய விடுப்பு வழங்குகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பவருக்கும் அதே 15 நாள் உண்டு. நாட்கள் சொற்பமே. ஆயினும், இவ்விடுப்பைச் சாதாரணமாக மறுக்கலாகாது என்னும் நெறி அதில் அடங்கியுள்ளது.

அந்நெறி இல்லாத இடத்தில் நேர்வது என்ன? 2023 இல் தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர், செயற்கைக் கருத்தரிப்பால் கருவுற்ற மனைவியின் பிரசவத்தை ஒட்டி 90 நாள் விடுப்பு கோரினார். முதலில் வழங்கப்பட்ட விடுப்பு, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிப் பின்னர் ரத்து செய்யப்பட்டது. பணிக்குத் திரும்பாத அவர் பணியிலிருந்து ஓடியவராக அறிவிக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாணையை ரத்து செய்ததோடு, தந்தைமை விடுப்புக்கெனத் தனிச் சட்டம் தேவை என்றும் சுட்டிக்காட்டியது. சீருடை அணிந்த அதிகாரிக்கே இந்நிலை எனில், ஒப்பந்தக் காவலாளி வாய் திறப்பாரா?

செலவை யார் ஏற்பது என்பது முதலாளிகளின் கேள்வி. சட்டப்படி 26 வார மகப்பேற்று ஊதியத்தையும் தனிப்பட்ட முதலாளியே தர வேண்டியுள்ளது. பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவோர் இதையே சாக்காகக் கொள்கின்றனர். ஆனால் விடை கைவசமே உள்ளது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். காப்பீடு பெற்ற பெண்ணின் மகப்பேற்று ஊதியம் அந்தப் பொது நிதியிலிருந்தே வழங்கப்படுகிறது. தந்தைக்கோ அதில் ஊதிய விடுப்பு இல்லை. ஸ்வீடன் 1974 இலேயே பெற்றோர் இருவருக்குமான காப்பீட்டைத் தொடங்கியது. இன்று தாய்க்கு மாற்ற இயலாத 90 நாட்கள் அங்கே தந்தைக்கென உள்ளன. தந்தையும் விடுப்பில் செல்வார் எனில், பெண்ணை மட்டும் விலக்கி வைக்கும் முதலாளியின் கணக்கு பொய்த்துப்போகும்.

எனவே தொழிற்சங்கங்களின் கோரிக்கை தெளிவாக அமைய வேண்டும். தந்தைமை விடுப்பும் தத்தெடுப்பு விடுப்பும் சட்டமாக வேண்டும். ஊதியம் காப்பீட்டு நிதியிலிருந்து வர வேண்டும். 21,000 ரூபாய் என்னும் ஊதிய உச்சவரம்பு அதற்குத் தடையாகலாகாது. முன்னறிவிப்பு தந்த தந்தைக்கு விடுப்பை மறுக்கவோ, வழங்கியதை ரத்து செய்யவோ, அதைக் காட்டி ஆண்டு மதிப்பீட்டைக் குறைக்கவோ நிர்வாகத்துக்கு அதிகாரம் இருத்தலாகாது. மாற்று ஆளை ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டால், முதன்மை முதலாளியே பதில் சொல்ல வேண்டும்.