எட்டிப் பார்ப்பவனின் கொட்டாவி

செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டியில் ஒரு படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தேன். லைட்டிங் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில் ஓர் உதவி இயக்குநர் பையிலிருந்து 18 பக்க சினாப்சிஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். பிரபலமான ஒரு துப்பாக்கிச் சண்டை கேமின் கதை. உரிமை வாங்குவதெல்லாம் அப்புறம், முதலில் படித்துப் பாருங்கள் என்றார். நாயகன் ஒரு கட்டடத்துக்குள் நுழைகிறான், சுடுகிறான், சாவி கிடைக்கிறது. அந்தச் சாவியோடு அடுத்த கட்டடம். மொத்தம் 22 சீன். "கேம்ல இதெல்லாம் செமையா இருக்கும் சார்" என்றார். இருக்கும்தான். எனக்கு ஒன்பதாவது சீனிலேயே கவனம் சிதறிவிட்டது.

அன்று மாலை பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடித்து வந்த பையன் ஒருவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அலமாரி அலமாரியாகத் தேடி, தோட்டா பொறுக்கி, ஜன்னலோரம் பதுங்கிக் காத்திருந்தான். பத்து நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், கட்டைவிரல் வியர்த்து திரையில் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டான். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த எனக்குக் கொட்டாவி வந்தது. இருவரும் பார்த்தது ஒரே திரைதான்.

கேமைப் படமாக்கும்போது வரும் பிரச்சினை இந்தப் பஸ் சீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கேமில் நடப்பதற்குக் கனம் கொடுப்பது விளையாடுபவரின் விரல். அந்த விரலை எடுத்துவிட்டு, நடப்பதை மட்டும் திரைக்குக் கொண்டுவந்தால், தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். 2005-இல் வந்த 'டூம்' படம் இதை அப்பட்டமாகவே செய்தது. கேமில் தெரிவதுபோலவே, திரையின் அடியில் துப்பாக்கி மட்டும் தெரிய, சில நிமிட நீளத்துக்கு ஒரு காட்சி. விசையில் இருப்பது நம் விரல் இல்லை என்பது முப்பது வினாடியில் உறைத்துவிடும்.

எதிர்ப்பக்கத் தோல்வியும் உண்டு. 'ஹேலோ' கேமில் மாஸ்டர் சீஃப் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுவதே இல்லை. 2022-இல் வந்த தொடர் முதல் எபிசோடிலேயே கழற்றிவிட்டது, ரசிகர்கள் கொதித்தார்கள். கழற்றியதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கேமில் அந்த ஹெல்மெட் விளையாடுபவருக்காகப் போட்டு வைத்த காலி நாற்காலி. தொடரில் வந்து உட்கார ஆள் கிடையாது என்பதை எழுதியவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். கழற்றியபின் உள்ளே இருக்கவேண்டிய மனிதனைத்தான் எழுத மறந்தார்கள்.

தமிழில் இதுவரை ஒரு வீடியோ கேமின் கதையை முறையாக உரிமை வாங்கி எடுத்த பெரிய படம் என்று காட்ட எதுவும் இல்லை. ஆனால் நமக்குப் பாடம் சொல்லும் படம் ஒன்று இருக்கிறது. அஷ்வின் சரவணன் இயக்கி, வொய் நாட் ஸ்டுடியோஸ் தயாரித்து, தமிழிலும் தெலுங்கிலும் 2019 ஜூனில் வெளியான 'கேம் ஓவர்'. அது எந்தக் கேமின் கதையையும் எடுக்கவில்லை. கேம்களின் ஒரே ஒரு ரூலை எடுத்தது: மூன்று உயிர்.

தமிழில் இதற்கு வசதியாக ஒரு சொல் இருக்கிறது. ஆட்டத்தின் ரூலும் விதி, தலையில் எழுதியதும் விதி. டாப்ஸி நடித்த ஸ்வப்னா ஒரு கேம் டிசைனர். பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அந்த நாள் திரும்பி வரும் வேளையில் இருட்டைக் கண்டாலே நடுங்குபவள். கையில் பச்சை குத்தியிருக்கிறாள். கொலை செய்யப்பட்ட அமுதா என்ற பெண்ணின் சாம்பல் அந்த மையில் தவறுதலாகக் கலந்துவிட்டது என்று பின்னால் தெரிகிறது. அமுதா கேன்சரோடு போராடி மீண்டவள். பச்சையில் மூன்று இதயங்கள் தெரிகின்றன. ஸ்வப்னா சாகும்போதெல்லாம் ஒன்று குறைகிறது, அவள் திரும்ப விழிக்கிறாள்.

கேமில் திரையின் மூலையில் இருக்கும் உயிர்க் கணக்கு இங்கே தோலுக்கு வந்துவிட்டது. அது வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு இதயமும் வேறொரு பெண் சாவோடு மல்லுக்கட்டி வாங்கிய உயிர். அதைச் செலவழிக்கும்போது கூச்சமும் கடனும் சேர்ந்து வருகின்றன. விளையாடுபவரின் விரல் கொடுத்த கனத்தை இந்தக் கடன் கொடுக்கிறது. ரூலாக இருந்த விதி ஊழாக மாறிய இடம் இது.

படத்தின் முதல் பாதியைத் திரைக்கதைக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். ஊருக்கு ஒதுங்கிய வீடு, கேட், காவலாளி, சக்கர நாற்காலி, வினோதினி நடித்த பணிப்பெண் காலம்மா. இரண்டு காலிலும் கட்டு போட்டிருப்பதால் ஸ்வப்னாவால் ஓட முடியாது. வீட்டின் வரைபடம் நமக்கே தெரியாமல் மனசில் பதிந்துவிடுகிறது. கேம் செய்பவர்கள் முதல் லெவலில் செய்கிற வேலை இதுதான்: ஆபத்து வருமுன் இடத்தைப் பழக்குவது. கொலையாளிகள் யார், ஏன் கொல்கிறார்கள் என்று கடைசிவரை படம் சொல்லாது. அன்று பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. விடியும்வரை உயிரோடு இருப்பதுதான் பந்தயம் என்றான பின், எதிரியின் வாழ்க்கை வரலாறு நேரத்தைத்தான் தின்னும்.

திரும்பத் திரும்ப நடப்பதை எவ்வளவு நீளம் காட்டுவது? இதற்கு வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) நல்ல எடிட் பாடம். கேம் விளையாடுபவர் ஒரே லெவலை நாற்பது முறை செத்துச் செத்து ஆடுவார், சலிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவர் கை கொஞ்சம் தேறுகிறது. பார்வையாளருக்குத் தேற எதுவும் இல்லை. அதனால் முதல் சுற்றை முழுதாகக் காட்டி, அடுத்ததில் மாறியதை மட்டும் காட்டி, அதன்பின் ஒரே ஒரு ஷாட்டில் தாண்டிவிட வேண்டும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். சலிப்பு தலைகாட்டும் நேரத்தில் வில்லனுக்கும் முந்தைய சுற்றுகளின் ஞாபகம் வந்துவிடுகிறது, ஒருவர் ஆடிய ஆட்டம் இருவர் ஆடும் ஆட்டமாகிறது. வில்லனாக நடித்த எஸ்.ஜே. சூர்யாவைக் கொண்டாடியவர்கள் இந்தத் திருப்பத்தை எழுதியவருக்கும் ஒரு கைதட்டல் கொடுத்திருக்கலாம்.

தமிழுக்கு வெளியே பார்த்தால் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் மூன்றாவது எபிசோடைப் பிரித்துப் பார்ப்பதே போதும். 2013-இல் வந்த கேமில், பில் என்பவர் வாழும் ஊருக்கு நாயகன் ஜோயலும் சிறுமி எல்லியும் போவது ஒரு வண்டிக்காக. பாட்டரி தேட வேண்டும், வழியெல்லாம் தொற்று பிடித்தவர்களைச் சுட வேண்டும். பில்லின் துணைவர் பிராங்க், கசந்துபோய் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தூக்கில் தொங்கிய பிணமாகத்தான் கேமில் வருகிறார். ஓரிரண்டு மணி நேரம் கை ஓயாத ஆட்டம். அப்படியே எடுத்தால் அந்த 18 பக்க சினாப்சிஸ்தான் கிடைக்கும்.

2023-இல் தொடரை உருவாக்கிய கிரேக் மேசினும், கேமையே எழுதிய நீல் டிரக்மேனும், பாட்டரி தேடுவதைக் கிட்டத்தட்ட முழுதாக விட்டுவிட்டார்கள். பில்லும் பிராங்கும் சேர்ந்து முதுமை அடையும்வரை வாழ்ந்த வாழ்க்கையை எடுத்தார்கள். ஆனால் கவனியுங்கள், வண்டியை விடவில்லை. எபிசோட் முடிவில் ஜோயலுக்கு அதே போல ஒரு வண்டி கிடைக்கிறது, கூடவே பில் எழுதிய கடிதமும். கதையின் எலும்பு கேமில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கேமில் அந்த வண்டிக்கு நாம் கொடுத்த விலை தோட்டாவும் நேரமும், தொடரில் கொடுக்கும் விலை இரண்டு பேருடைய ஆயுள். காப்பாற்ற ஓர் ஆள் இருந்தால்தான் வாழ்வு என்று அந்தக் கடிதம் சொல்வதைக் கேட்டுவிட்டு எல்லியை வண்டியில் ஏற்றும் ஜோயல், வந்தபோது இருந்த ஜோயல் இல்லை.

அதே தொடரின் கடைசி எபிசோடில் வருகிற மருத்துவமனைக் காட்சியில் எதிர்வேலை செய்தார்கள். கேமில், எல்லி கிடக்கும் அறுவை அறைக்குள் டாக்டர் கத்தியோடு நிற்பார். அவரைக் கொல்லாமல் கதை நகராது, கொல்வது உங்கள் விரல். விளையாடியவர்கள் அந்தக் குற்ற உணர்வை இன்னும் பேசுகிறார்கள். அதைத் திரையில் தர முடியாது. எனவே துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கி, இசையை மேலே விட்டு, ஜோயல் எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தோடு ஆள்களைத் தாண்டிப் போவதைக் காட்டினார்கள். எட்டிப் பார்ப்பவர் என்ற நிலையையே ஆயுதமாக்கிய காட்சி: தடுக்க முடியாமல் பார்க்கிறோம். இது வேலை செய்வதற்கு, அதற்கு முந்தைய எபிசோடுகளில் கேமில் இருந்த கொலைகளைப் பெருமளவு குறைத்து வைத்திருந்ததே காரணம். ஐந்நூறு பேரைச் சுட்டவன் ஐந்நூற்றிப் பத்தாவது ஆளைச் சுடும்போது யாரும் பதற மாட்டார்கள்.

இந்த உதாரணங்களை நம் கைக்குக் கொண்டுவர, உதவி இயக்குநரோடு ஒரு பயிற்சி செய்தேன். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 1988-இல் கனடாவில் வாழும் வெண்பா, கணவர் பாவலன், பின்னால் மகன் கவின். வெண்பா தன் அம்மாவின் சமையல் புத்தகத்தை வைத்துச் சமைக்கிறாள். பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றன, விட்டுப்போனதை விளையாடுபவர் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்குவது என்பதே ஒரு புதிர்.

"இதை அரை மணி நேரப் படமா பண்ணுங்க" என்றேன். இட்லி அவிப்பதில் தொடங்கினார். அங்கேயே மாட்டினார். ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி வராமல் திருப்பி வைக்க வேண்டும் என்பது வெளிநாட்டு விளையாட்டுக்காரருக்குக் கண்டுபிடிப்பு. நம் வீட்டில் பத்து வயதுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவாள். புதிர் போய்விட்டது, மிஞ்சுவது சமையல் நிகழ்ச்சி. அப்படியானால் அந்தத் தெரியாமையை வேறு எங்கே வைக்கலாம்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கவின் சார்" என்றார். வளர்ந்த கவின் அதே புத்தகத்தைத் திறக்கும்போது அவனுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. விளையாடுபவரின் திணறலை அப்படியே சுமக்கக்கூடிய ஆள் கதைக்குள்ளேயே இருக்கிறான். அழிந்துபோன வரியைப் போனில் அம்மாவிடம் கேட்பதா வேண்டாமா என்பது, இட்லி வெந்ததா இல்லையா என்பதைவிடப் பெரிய கேள்வி. படம் அங்கே தொடங்கினால், 1988 சமையலறை நினைவாக உள்ளே வரும்.

மூன்று வாரம் கழித்து அவர் தன்னுடைய சினாப்சிஸைத் திருத்திக் கொண்டுவந்தார். 18 பக்கம் நான்காகியிருந்தது. அத்தனை கட்டடங்களில் ஒன்றுதான் மிச்சம், சாவியும் ஒன்றுதான். அந்தச் சாவி நாயகனுடைய அப்பா வாட்ச்மேனாக இருந்த குடோனுடையது.

"ஒண்ணு மட்டும் முடிவாகல சார்" என்றார். "செத்தா அவன் எங்கேருந்து திரும்ப ஆரம்பிக்கிறான்னு." நான் வாய் திறப்பதற்குள் ஃப்ளோரிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான்கு பக்கத்தையும் என் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.